64 சிலைடுகளும் சுவரில் ஆறு வரிகளும்

கெடாவில் சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் வாழும் நம்மவர்களில் பலருக்குத் தோட்ட வேலையோடு ஏதோ ஒரு தொடர்பு இன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது செம்பனைத் தோட்டத்தில் புதிதாக மருந்து அடிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தால், முதல் நாள் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு அறையில் உட்கார வைத்திருப்பார்கள். சுவரில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிலைடுகள் ஓடியிருக்கும். நிறுவன வரலாறு, சட்டம், அபராதம், ரசாயன வகைகள், பாதுகாப்புக் கருவிகளின் பெயர்கள், அவசரத் தொலைபேசி எண்கள் எல்லாம் வந்திருக்கும். கடைசியில் ஒரு கையெழுத்து. மறுநாள் காலைப் பெரட்டு முடிந்து முதுகில் பம்பை மாட்டும்போது, அவற்றில் எத்தனை நினைவில் இருக்கும்?

இந்தப் பயிற்சியைத் தேவையற்றது என்று சொல்ல முடியாது. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் (சட்டம் 514) தன் 15ஆம் பிரிவில், தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கையும் தொழிலாளருக்குக் கொடுக்கும் கடமையை முதலாளி மீது சுமத்துகிறது. திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. பாதுகாப்பு அதிகாரி நியமிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடங்களில், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஒரு பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே பெரிய தோட்டங்களில் மட்டுமல்ல, சிறு குத்தகையாளரிடமும் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டியிருக்கிறது. அவர் கையில் பெரும்பாலும் இருப்பது எங்கிருந்தோ வந்த ஒரு நீளமான சிலைடுத் தொகுப்பு. அதிலிருந்து சுவரில் ஒட்டக்கூடிய ஒரு வரியை எப்படி எடுப்பது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அச்சம் போதுமா?

சுவரொட்டி என்றதும் மண்டை ஓடும் 'அபாயம்' என்ற சிவப்பு எழுத்தும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பயமுறுத்தினால் மனிதர் கவனமாக இருப்பார் என்பது நம் எண்ணம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தால் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து, 1965இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

மாணவர்களுக்கு டெட்டனஸ் நோய் பற்றிய சிற்றேடுகள் கொடுக்கப்பட்டன. சில ஏடுகள் மிகவும் அச்சமூட்டுபவை, சில மென்மையானவை. அச்சமூட்டும் ஏட்டைப் படித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்வது அவசியம் என்று அழுத்தமாகச் சொன்னார்கள். ஆனால் உண்மையில் ஊசி போடச் சென்றவர்களைக் கணக்கெடுத்தபோது வேறொன்று தெரிந்தது. சிலருக்கு ஏட்டோடு மருந்தகத்தின் இடம் குறித்த வரைபடத்தையும் கொடுத்து, எந்த நேரத்தில் போகலாம் என்று அவர்களையே திட்டமிடச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் போனார்கள். அப்படிச் சொல்லப்படாதவர்களில் போனவர்கள் சுமார் 3 விழுக்காடு. இறுதியாண்டு மாணவர்களுக்கு அந்தக் கட்டடம் இருக்கும் இடம் முன்பே தெரியும். எங்கே, எப்போது, என்ன செய்வது என்பதை ஒன்றாக இணைத்துக் காட்டியதுதான் வேறுபாடு.

வேலையிடச் சுவரொட்டிக்கும் இதே பாடம்தான். 'ரசாயனம் ஆபத்தானது' என்பது ஒரு செய்தி. அதைப் படித்தவர் தலையாட்டுவார். ஆனால் கை அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

ஒரு சிலைடை வரியாக்குவோம்

எடுத்துக்காட்டுக்கு, களைக்கொல்லி அடிக்கும் குழுவுக்கான 64 சிலைடுகள் கொண்ட ஒரு தொகுப்பை வைத்துக்கொள்வோம். முதல் வேலை, அதிலுள்ள வாக்கியங்களை மூன்று கூடைகளாகப் பிரிப்பது. தொழிலாளர் தெரிந்துகொள்ள வேண்டியவை முதல் கூடை: சட்டம், நோய் அறிகுறிகள், ரசாயனத்தின் தன்மை. நிர்வாகம் செய்ய வேண்டியவை இரண்டாவது: தண்ணீர்த் தொட்டி வைப்பது, கையுறை வாங்குவது, பழுதான பம்பை மாற்றுவது. தொழிலாளரின் கை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் செய்ய வேண்டியவை மூன்றாவது. சுவருக்குப் போக வேண்டியது மூன்றாவது கூடை மட்டும். முதலாவது வகுப்பறைக்கு உரியது. இரண்டாவதைச் சுவரில் ஒட்டினால், நிர்வாகத்தின் கடமையைத் தொழிலாளர் தலையில் கட்டியதாகிவிடும்.

இப்போது மூன்றாவது கூடையிலிருந்து வழக்கமான ஒரு வாக்கியத்தை எடுப்போம்: 'வேதிப்பொருள்களைக் கையாளும்போது பொருத்தமான தனிநபர் பாதுகாப்புக் கருவிகள் எல்லா நேரங்களிலும் முறையாக அணியப்பட வேண்டும்.' இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எந்த வேதிப்பொருள்? பொருத்தமானது எது? எல்லா நேரமும் என்றால் எப்போது? யார் அணிய வேண்டும்? நான்கு கேள்விக்கும் பதில் இல்லை.

பதில் தேட, ஆபத்து எந்த இடத்தில் மிக அதிகம் என்று முதலில் கணக்கிட வேண்டும். மருந்து அடிப்பவரின் உடலுக்குள் ரசாயனம் நுழையும் முக்கிய வழி மூக்கு என்று பலர் நினைக்கிறார்கள். முதுகுப் பம்பிலிருந்து வரும் துளிகள் பெரும்பாலும் கனமானவை. அவை அதிகமாக விழுவது தோல் மீதும் உடை மீதும்தான். அந்தத் தோலிலும் எல்லா நேரமும் ஒரே அளவு ஆபத்து இல்லை. 16 லிட்டர் பம்பில் 100 மில்லிலிட்டர் மருந்து ஊற்றுவதாகக் கொள்வோம். அடிக்கும் கலவை, டப்பாவில் இருக்கும் மருந்தைவிட ஏறத்தாழ 160 மடங்கு நீர்த்தது. அதாவது கலக்கும்போது கையில் சிந்தும் ஒரு துளி, வயலில் மேலே படும் 160 துளிகளுக்குச் சமம். நாள் முழுவதும் நடக்கும் வேலையில் மிகவும் ஆபத்தானவை, டப்பாவின் மூடியைத் திறந்து அளந்து ஊற்றும் அந்த ஓரிரு நிமிடங்கள்.

ஆகவே நீண்ட வாக்கியம் இப்படி மாறுகிறது:

*மூடியைத் திறக்கும் முன் கையுறை போடுங்கள்.*

'எல்லா நேரமும்' என்பது ஒரு நொடியாகச் சுருங்கிவிட்டது. 'கருவிகள்' ஒரு பொருளாகிவிட்டது. இந்த வரி ஒட்ட வேண்டிய இடம் அலுவலகச் சுவர் அல்ல, மருந்து கலக்கும் மேசைக்கு நேர் மேலே. அதன் பக்கத்திலேயே ஒரு ஆணியில் கையுறை தொங்க வேண்டும். அது பருத்திக் கையுறையாக இருந்தால் வரி பயனற்றுப் போகும். துணி மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். வெறுங்கையில் சிந்தியதை உடனே கழுவியிருக்கலாம். நைட்ரில் போன்ற, ரசாயனம் ஊடுருவாத கையுறைதான் வேண்டும். அதனால் சுவரொட்டியில் பொதுவான கையுறைப் படத்தைவிட, அந்த ஆணியில் தொங்கும் கையுறையையே படம் பிடித்துப் போடுவது நல்லது.

தமிழுக்கு உள்ள ஒரு வசதி, ஒரு சிக்கல்

மேலே உள்ள வரியின் அமைப்பைக் கவனியுங்கள். 'மூடியைத் திறக்கும் முன்' என்ற நேரம் முதலில் வருகிறது, 'போடுங்கள்' என்ற செயல் கடைசியில் வருகிறது. தமிழ் வாக்கியத்தின் இயல்பே அதுதான். வேலை நடக்கும் வரிசையும் அதேதான். யேல் சோதனை காட்டிய 'எப்போது, என்ன' என்ற இணைப்பு நம் மொழியில் தானாகவே அமைகிறது. நாம் செய்ய வேண்டியது, 'அணியப்பட வேண்டும்' போன்ற செயப்பாட்டு வினையை விட்டுவிட்டு, பேசுவதுபோல 'போடுங்கள்' என்று எழுதுவது மட்டுமே. மூத்த அம்மாமார்கள் பலர் வேலை செய்யும் இடத்தில் 'போடு' என்ற ஒருமைக் கட்டளை வேண்டாம். மரியாதைக்காக மூன்று எழுத்து கூடுவதால் வரி நீண்டுவிடாது.

சிக்கல் எதிர்மறையில் இருக்கிறது. பம்பின் நுனியில் இருக்கும் நாசில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அதை வாயில் வைத்து ஊதுவது பழைய பழக்கம். மருந்து நேராக உதட்டுக்கும் நாக்குக்கும் போகும் வழி அது. சிலைடில் 'அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள்' என்று இருக்கும். தமிழில் 'கூடாது' என்ற பொருள் வினையின் வாலில்தான் வரும். நடந்துகொண்டே பார்ப்பவர் கண்ணில் 'நாசிலை வாயால் ஊது' வரைக்கும் படலாம். கூடவே ஒருவர் ஊதுவதுபோல் படம் போட்டு, அதன்மேல் மெல்லிய சிவப்புக் கோடு இழுத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு அது செய்முறை விளக்கமாகவே தோன்றக்கூடும்.

அதனால் செய்யக் கூடாததைச் சொல்வதற்குப் பதிலாக, அந்த இடத்தில் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும்:

*நாசில் அடைத்தால் பிரஷால் தேயுங்கள்.*

ஒரு பழைய பல்துலக்கும் பிரஷைப் பம்பின் வாரில் கட்டித் தொங்கவிட வேண்டும். இந்த வரியைச் சுவரில் ஒட்டிப் பயனில்லை. நாசில் அடைப்பது சுவருக்கு அருகில் அல்ல, மரங்களுக்கு நடுவில். ஆகவே இது பம்பின் கைப்பிடியில் ஒட்டும் சிறு ஒட்டியாகத்தான் இருக்க வேண்டும். பிரஷ் இல்லாமல் வரியை மட்டும் ஒட்டினால், மனிதர் கையில் இருக்கும் ஒரே கருவியான வாயைத்தான் மறுபடியும் பயன்படுத்துவார்.

ஒரு வரிக்கு ஒரு செயல்

மூன்றாவது எடுத்துக்காட்டு காலி டப்பா. சிலைடில் பொதுவாக இப்படி இருக்கும்: 'காலி டப்பாக்களை மூன்று முறை அலசி, அலசிய நீரைப் பம்பில் ஊற்றி, டப்பாவில் ஓட்டையிட்டு, ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும்.' நான்கு செயல்கள். இவற்றைச் செய்பவர் ஒருவர் அல்ல, செய்யும் இடமும் ஒன்றல்ல. ஓட்டையிடுவதும் அடுக்கி வைப்பதும் ஸ்டோர்காரர் வேலை. அவருக்கு ஸ்டோர் கதவில் தனி வரி. மருந்து கலப்பவருக்கு இது மட்டும்:

*காலி டப்பாவை மூன்று முறை அலசுங்கள்.*

அலசிய நீர் பம்புக்குள் போவதைப் படமே காட்டிவிடும். ஏன் மூன்று முறை? ஒரே முறை நிறையத் தண்ணீர் ஊற்றினால் போதாதா? இது நம் அறிவியல் பாடத்தில் போடக்கூடிய கணக்கு. ஒரு லிட்டர் டப்பாவை எவ்வளவு கவிழ்த்தாலும் ஓரங்களில் 10 மில்லிலிட்டர் மருந்து தங்கிவிடுவதாகக் கொள்வோம். அதில் 750 மில்லிலிட்டர் தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால், மீண்டும் தங்கும் 10 மில்லிலிட்டர் நீர் 76 மடங்கு நீர்த்திருக்கும். அதே 750 மில்லிலிட்டரை 250, 250, 250 என்று மூன்று தடவையாக ஊற்றினால், ஒவ்வொரு தடவையும் 26 மடங்கு நீர்க்கும். 26ஐ மூன்று முறை பெருக்கினால் 17,576. தண்ணீர் ஒரே அளவுதான், பலன் இருநூறு மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கு சுவரொட்டியில் வரக் கூடாது. ஆனால் பயிற்சி அறையில் கட்டாயம் வர வேண்டும். அங்கே ஒரு டப்பாவில் சிவப்புச் சாயத்தை ஊற்றி அலசிக் காட்டினால், ஒவ்வொரு தடவையும் நிறம் வெளுப்பதை எல்லாரும் கண்ணால் பார்ப்பார்கள். காரணத்தைப் பயிற்சி சொல்லும், நேரம் வரும்போது சுவர் நினைவூட்டும். இரண்டுக்கும் வேலை வேறு.

இப்படியே பிரித்துப் போனால், மருந்து அடிக்கும் குழுவுக்கு மேலும் மூன்று வரிகள் கிடைக்கும். தண்ணீர்க் குழாயின் மேல்: *கண்ணில் பட்டால் 15 நிமிடம் கழுவுங்கள்.* சாப்பிடும் கொட்டகையில்: *சோற்றைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.* உடை மாற்றும் இடத்தில், ஒரு வாளிக்கு மேல்: *வீட்டுக்குப் போகும் முன் வேலை உடையை இந்த வாளியில் போடுங்கள்.* கடைசி வரி குழந்தைகளுக்காக. மருந்து பட்ட சட்டை வீட்டுத் துணிகளோடு ஊறும்போது, தோட்டத்துக்கே வராதவர்கள் மேலும் மருந்து படுகிறது.

64 சிலைடுகள் ஆறு வரிகளாகிவிட்டன. மற்றவை வீணாகவில்லை, அவை வகுப்பறையில் இருக்கின்றன. அனைத்துலக எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர் சங்கமும் இதையே செய்தது. 2010இல் அது வெளியிட்ட உயிர்காக்கும் விதிகள் 18. உண்மையில் உயிர்கள் எங்கே போயின என்ற பதிவுகளைப் பார்த்து, 2018இல் அவற்றை ஒன்பதாகக் குறைத்தது.

எழுத்தின் அளவும் ஒரு சோதனையும்

கண் மருத்துவரிடம் இருக்கும் எழுத்துப் பலகையில், நல்ல பார்வை உள்ளவர் 6 மீட்டரில் படிக்கும் வரியின் எழுத்து உயரம் சுமார் 8.7 மில்லிமீட்டர். அது பார்வையின் எல்லை; கண்ணைச் சுருக்கி நின்று படிக்க வேண்டிய அளவு. சுவரொட்டிக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். அதாவது ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். மூன்று மீட்டரில் நிற்பவருக்கு 15 மில்லிமீட்டர். சுழிகளும் புள்ளிகளும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு இதைவிடக் குறைக்கவே வேண்டாம். ஓரத்தில் தோட்டச் சின்னம், கீழே சட்ட எண், மூலையில் வாழ்த்து என்று சேர்த்தால், சுருங்குவது இந்த எழுத்துதான். குழுவில் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளரும் இருந்தால், ஒரே தாளில் மொழிகளை நெருக்காமல், ஒரே படத்தை வைத்து ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டலாம்.

ஒட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இந்த வேலை தெரியாத 20 பேரிடம் தாளை ஐந்து வினாடி காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். 'இப்போது என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். பாதுகாப்புச் சின்னங்களுக்கான அமெரிக்கத் தரநிலை, 85 விழுக்காட்டினராவது சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், நேர்மாறாகப் புரிந்துகொள்பவர் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் 20 பேரில் அது 17 பேர் சரி, ஒருவருக்கு மேல் தலைகீழ் இல்லை. தேறாத தாளைத் திருத்துங்கள்.

ஒட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. தினமும் பார்க்கும் தாளைக் கண் சில வாரங்களில் கவனிப்பதை விட்டுவிடும். படத்தையும் நிறத்தையும் மாற்றி, வரியை அப்படியே வைத்திருக்கலாம். பலனை அளக்கவும் எளிய வழி இருக்கிறது. மண்டோர் வாரத்தில் ஒரு நாள், மூடி திறக்கப்பட்ட முதல் பத்துத் தடவைகளில் எத்தனை தடவை கையுறை இருந்தது என்று ஒரு சிறு நோட்டில் குறிக்கட்டும். ஒட்டுவதற்கு முன்பும் எண்ணியிருந்தால்தான் ஒப்பிட முடியும். எண் உயரவில்லை என்றால் ஆளைத் திட்டும் முன் ஆணியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே கையுறை இருக்காது, அல்லது ஓட்டையான ஒரு ஜோடி இருக்கும்.

சுவரால் முடியாதது

தொழிலிடப் பாதுகாப்பில் ஒரு படிவரிசை உண்டு. ஆபத்தை அகற்றுவது முதலில், வேறொன்றை மாற்றி வைப்பது அடுத்து, பிறகு இயந்திர ஏற்பாடுகள், அதன் பிறகுதான் பயிற்சியும் அறிவிப்புகளும். கையுறை கடைசிப் படி. ஆகவே சுவரொட்டி இருப்பது கீழிருந்து இரண்டாவது படியில்.

இதற்கு நம் தோட்டங்களே சாட்சி. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு முறிவு மருந்து கிடையாது. பல ஆண்டுகள் எச்சரிக்கைகளும் பயிற்சிகளும் நடந்தன. மருந்து அடிக்கும் பெண்களின் உடல்நிலையைத் தெனாகனித்தா அமைப்பு ஆவணப்படுத்தியது. 2002இல் தடை அறிவிக்கப்பட்டது, 2006இல் அது தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1 அன்று. ஆபத்து டப்பாவோடு ஸ்டோரை விட்டுப் போனதைப்போல எந்தச் சுவரொட்டியாலும் பாதுகாத்திருக்க முடியாது.

ஆகவே உங்கள் வேலையிடத்தில் புதிய தாள் ஒன்றைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எந்த நேரத்தில், எந்தக் கையை, என்ன செய்யச் சொல்கிறது? அதைச் செய்யத் தேவையான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? முதல் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் தாளை எழுதியவர் திருத்த வேண்டும். இரண்டாவதற்குப் பதில் இல்லை என்றால் திருத்த வேண்டியது நிர்வாகம்.